‘எப்போதும்’, ‘ஒருபோதும்’: புகார் தாக்குதலாக மாறும் இடம்

பெற்றோருக்கு நாம் எழுதும் குறிப்பு பெரும்பாலும் மூன்று, நான்கு வரிதான். மாணவரின் நாட்குறிப்பேட்டிலோ, கிழித்த ஒரு தாளிலோ, இப்போதெல்லாம் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்கு வெளியே தனிச்செய்தியாகவோ அது போகிறது. இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே அவசரமாக எழுதப்படுவதால் அதன் சொற்களை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நான்கு வரியில் ‘எப்போதும்’ என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, மறுநாள் பெற்றோரிடமிருந்து விவரம் வருகிறதா சண்டை வருகிறதா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கீழே உள்ளது நம் பள்ளிகளில் எழுதப்படும் குறிப்புகளின் சாயலில் அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பெற்றோருக்கு வகுப்பாசிரியர் எழுதுகிறார்:

“தங்கள் மகன் எப்போதும் பள்ளிக்குத் தாமதமாகவே வருகிறான். ஒரு நாளும் நேரத்திற்கு வருவதே இல்லை. பலமுறை சொல்லியும் திருந்தவில்லை. தாங்களும் கண்டுகொள்வதில்லை. இனியும் தொடர்ந்தால் பள்ளிக்குள் அனுமதிக்க இயலாது.”

இதை எழுதியவருக்கு மாணவர்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அக்கறை இல்லாதவர் குறிப்பே எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் இந்தக் குறிப்பால் அவர் கேட்க நினைத்தது கிடைக்காது. ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. அவற்றில் முதலாவது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

உம்மையும் ஏகாரமும் செய்யும் வேலை

‘எப்போதும்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘எப்போது’ என்பது வினா. அதனுடன் ‘உம்’ சேர்ந்ததும் வினா மறைந்து, விடுபடாத முழுமை வந்துவிடுகிறது. யார் என்பது யாரும், எங்கு என்பது எங்கும் ஆவதும் இப்படித்தான். உம்மைக்கு நன்னூல் கூறும் எட்டுப் பொருள்களுள் ஒன்று முற்று. ‘எப்போதும் தாமதம்’ என்று எழுதும்போது அந்த முற்றும்மை ஒரு நாளைக்கூட வெளியே விடவில்லை.

‘ஒரு நாளும்’, ‘ஒருபோதும்’ என்பவை எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்கின்றன. ‘ஒன்று’ என்ற மிகச் சிறிய எண்ணோடு உம்மையும் எதிர்மறை வினையும் சேர்ந்தால், ஒன்றுகூட இல்லை என்றாகிறது.

ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் தனிச்சொற்கள்தான் செய்யும். அவற்றை நீக்கினால் வாக்கியம் தணிந்துவிடும். தமிழில் அப்படியில்லை. சொல்லை எடுத்துவிட்டாலும் விகுதியிலும் இடைச்சொல்லிலும் அந்தக் காரம் தங்கிவிடும். இந்த நான்கு வாக்கியங்களை மெதுவாகப் படித்துப் பாருங்கள்:

வீட்டுப்பாடம் எழுதவில்லை.
வீட்டுப்பாடம் எழுதுவதில்லை.
வீட்டுப்பாடம் எழுதுவதே இல்லை.
வீட்டுப்பாடம் எழுதமாட்டான்.

நான்கிலும் ‘எப்போதும்’ இல்லை, ‘ஒருபோதும்’ இல்லை. ஆனால் முதல் வாக்கியம் நடந்து முடிந்த ஒரு செயலைச் சொல்கிறது. நேற்று எழுதவில்லை, இன்று எழுதலாம். இரண்டாவது அதை வழக்கமாக்குகிறது. மூன்றாவதில் ஏகாரம் ஒன்று நுழைந்து, விதிவிலக்குக்கு இருந்த வாசலையும் அடைத்துவிடுகிறது. நான்காவது இனி வரப்போகும் நாள்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அதோடு, அவனுக்கு மனமில்லை என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொள்கிறது. முதல் வாக்கியம் செயலைப் பற்றியது. நான்காவது ஆளைப் பற்றியது. நடுவில் இரண்டே படிகள்தான் இருக்கின்றன.

‘இன்று தாமதமாக வந்தான்’ என்பதற்கும் ‘இன்றும் தாமதமாக வந்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதே வகை. இரண்டாவதில் உள்ளது எச்ச உம்மை. சொல்லப்படாத பழைய நாள்களையெல்லாம் அது பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. ‘வழக்கம்போல’, ‘மறுபடியும்’, ‘எத்தனை முறை சொல்வது’ என்பனவும் முற்றும்மையின் வேலையை மறைவாகச் செய்பவையே. எனவே ‘எப்போதும்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டால் குறிப்பு சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. வினைமுற்றையும் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், சிலர் வந்தனர், சிலர் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். முற்றும்மை எதிர்மறையோடு சேரும்போது சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்பது நாம் பாடம் நடத்தும் செய்திதான். அதுபோலவே, ‘எப்போதும் வீட்டுப்பாடம் முடிப்பதில்லை’ என்று எழுதும் ஆசிரியர், ‘எல்லா நாளும் முடிப்பதில்லை, சில நாள் விட்டுவிடுகிறான்’ என்று நினைத்திருக்கலாம். படிக்கும் பெற்றோருக்கு அது ‘ஒரு நாளும் முடிப்பதில்லை’ என்றே போய்ச் சேரும். மனம் புண்படும் வாசிப்பே முதலில் தோன்றும் வாசிப்பாக இருக்கும்.

ஒரே ஒரு நாள் போதும், குறிப்பு தோற்றுவிடும்

இரண்டாவது காரணத்தைக் கணித ஆசிரியர்கள் எளிதாக விளக்குவார்கள். ‘எல்லாப் பகா எண்களும் ஒற்றை எண்கள்’ என்று ஒரு மாணவர் சொன்னால், அதை மறுக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. 2 என்று சொன்னால் போதும். ‘எல்லாம்’ என்று தொடங்கும் கூற்றை ஒரே ஓர் எடுத்துக்காட்டு வீழ்த்திவிடும்.

‘எப்போதும் தாமதம்’ என்பதும் அத்தகைய கூற்றே. நம் எடுத்துக்காட்டில் குறிப்பைக் கேட்ட அம்மா சொல்வது இதுதான்: “போன வாரம் பூரா நேரத்துக்குத்தான போனான்? டீச்சர் என்னமோ எப்பவும் லேட்டுன்னு எழுதியிருக்காங்க!” அவர் சொல்வது உண்மை. சென்ற வாரம் மகன் நேரத்திற்குத்தான் வந்திருக்கிறான். ஆகவே அவர் பார்வையில் ஆசிரியர் எழுதியது பொய். அந்த ஒரு சொல் பொய்யானதும் குறிப்பு முழுவதும் நம்பிக்கையை இழக்கிறது. இனிப் பேச்சு, தாமதம் ஏன் என்பதைப் பற்றி இருக்காது. எத்தனை நாள் என்பதைப் பற்றியும், ஆசிரியருக்குத் தன் மகன்மேல் ஏன் இந்தக் கோபம் என்பதைப் பற்றியும்தான் இருக்கும். ஆசிரியரிடம் இருந்த நியாயமான குறை, அவரே கூட்டிய மிகையால் காணாமல் போகிறது.

மூன்றாவது காரணம், செயலிலிருந்து குணத்திற்குத் தாவுவது. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், கணவன் மனைவியர் பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்தவர். அவர் குறை கூறுவதையும் குற்றம் சாட்டுவதையும் பிரித்துக் காட்டுகிறார். குறை என்பது நடந்த ஒரு செயலைப் பற்றியது. குற்றச்சாட்டு அந்த ஆளின் இயல்பையே குறை சொல்வது. முன்னதைப் பின்னதாக மாற்றப் பழிச்சொல் தேவையில்லை, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று சேர்த்தாலே போதும் என்பது அவர் கூறுவது. காரணம் எளிது. ஒரு நாள் நடந்ததற்குச் சூழலைக் காரணமாகச் சொல்லலாம்: பேருந்து வரவில்லை, மழை பெய்தது. எல்லா நாளும் நடப்பதற்குச் சூழல் காரணமாக இருக்க முடியாது. ஆள்தான் காரணமாக இருக்க வேண்டும். இப்படி நாம் ‘சோம்பேறி’, ‘பொறுப்பற்ற பெற்றோர்’ என்று எழுதாவிட்டாலும், படிப்பவர் அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார். தாக்கப்பட்டவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்வார். சிக்கலைப் பற்றிப் பிறகுதான் யோசிப்பார்.

இஸ்ரேலில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அமெரிக்காவில் குழந்தை உளவியலாளரான ஹைம் கினாட், 1972இல் வெளிவந்த ஆசிரியர்களுக்கான தம் நூலில் இதையே வகுப்பறைக்கு வைத்துச் சொன்னார்: நிலைமையைப் பற்றிப் பேசுங்கள், குழந்தையின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம்.

நம் பள்ளிகளில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெற்றோருக்கு எழுதும் குறிப்பை முதலில் படிப்பவர் பெரும்பாலும் அந்த மாணவரே. எழுத்து சரளமாக வராத அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதை வாசித்துக் காட்டுபவரும் அவரேதான். ‘ஒரு நாளும் திருந்தமாட்டான்’ என்பதைத் தன்னைப் பற்றியே பதின்மூன்று வயதுக் குழந்தை வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்க மனம் வராவிட்டால் அந்தத் தாள் வீடு போய்ச் சேராது, வழியிலேயே கிழிந்துவிடும். அப்போது நாம் தெரிவிக்க நினைத்த செய்தியும் சேர்ந்தே தொலைகிறது.

எழுதும் முன் எண்ணிப் பார்த்தல்

‘எப்போதும்’ என்பதற்குப் பதிலாக ‘அடிக்கடி’ என்று எழுதலாமா என்று கேட்கலாம். காரம் சற்றுக் குறையும், தெளிவு கூடாது. அடிக்கடி என்றால் எத்தனை முறை என்பதில் ஆசிரியருக்கு ஓர் அளவு இருக்கும், பெற்றோருக்கு வேறோர் அளவு இருக்கும். அந்த இடத்தில் வைக்கத்தக்கது ஓர் எண். அந்த எண்ணுக்கு இரண்டு பகுதிகள் வேண்டும்: எத்தனை முறை நடந்தது, மொத்தம் எத்தனை நாளில் நடந்தது. ‘8 நாள் தாமதம்’ என்பது பாதிச் செய்தி. ‘20 வேலைநாள்களில் 8 நாள்’ என்பதே முழுச்செய்தி.

இதற்குப் பெரிய பதிவேடு தேவையில்லை. தாமதமாக வருபவரின் பெயருக்கு நேரே நம் குறிப்பேட்டில் தேதியையும் வந்த நேரத்தையும் எழுதி வைத்தால் போதும். எல்லா மாணவருக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. யாரைப் பற்றி ‘எப்போதும்’ என்று எழுதத் தோன்றுகிறதோ அவருக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் குறித்தால் போதும். அந்தச் சொல் மனத்தில் தோன்றுவதையே, எண்ணத் தொடங்குவதற்கான அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் ஆசிரியர் நான்கு வாரங்களுக்குக் குறித்து வைத்திருந்தார் என்று கொள்வோம். 20 வேலைநாள்கள். 8 நாள்கள் தாமதம்; 12 நாள்கள் சரியான நேரம். ‘எப்போதும்’ என்று தோன்றியது, உண்மையில் பாதி நாளுக்கும் குறைவு. இதில் வியப்பில்லை. நேரத்திற்கு வந்து அமைதியாக அமர்ந்த நாள்களில் அவரை நாம் கவனிக்கக் காரணம் ஏதுமில்லை. பாடம் தொடங்கிய பிறகு வாசலில் நின்ற நாள்கள்தான் நினைவில் தங்குகின்றன.

எண்ணுவதால் கிடைக்கும் பெரிய பயன் இதற்கு அடுத்தது. தேதிகளை வாரவாரியாகப் பார்க்கும்போது, தாமதமான எட்டு நாளும் முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் மட்டுமே இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டு வாரங்களில் ஒரு நாள்கூட இல்லை. முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் நேரத்திற்கு வந்த ஒரே நாள் புதன்கிழமை. சோம்பலுக்கு இப்படி வாரக்கணக்கு இருக்காது. இங்கே ஏதோ ஒரு காரணம் முறை வைத்து வந்து போகிறது. என்ன காரணம் என்பது ஆசிரியருக்கு இன்னும் தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ‘எப்போதும்’ என்று எழுதியிருந்தால் இந்த விதிவிலக்குகள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா. காரணமோ அந்த விதிவிலக்குகளில்தான் இருந்தது.

மாற்றி எழுதிய குறிப்பு

இப்போது அதே ஆசிரியர் இப்படி எழுதுகிறார்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். கடந்த 20 வேலைநாள்களில் தங்கள் மகன் 12 நாள்கள் சரியான நேரத்திற்கு வந்துள்ளார். 8 நாள்கள் முதல் பாடவேளை தொடங்கிப் பத்து முதல் இருபது நிமிடங்கள் கழித்து வந்துள்ளார். அந்த எட்டு நாள்களும் முதல் வாரத்திலும் இந்த வாரத்திலும் வருகின்றன. முதல் பாடவேளை கணக்கு என்பதால் புதிய கணக்கின் தொடக்கப் படிகளை அவர் கவனிக்க முடியாமல் போகிறது. அந்த இரு வாரங்களிலும் காலையில் ஏதேனும் சிரமம் இருந்ததா? தெரிவித்தால் என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பிறகு பள்ளியில் இருப்பேன். தொலைபேசியிலும் பேசலாம்.”

முதல் குறிப்பைவிட இது நீளம்தான். ஆனால் இதில் நான்கு செய்திகளே உள்ளன. எத்தனை நாளில் எத்தனை முறை என்ன நடந்தது என்பது முதலாவது. அது கண்ணால் கண்டது, வாதத்திற்கு இடமில்லாதது. அதனால் மாணவருக்கு என்ன இழப்பு என்பது இரண்டாவது. உண்மையாகவே விடை வேண்டிக் கேட்கும் ஒரு கேள்வி மூன்றாவது. பெற்றோர் அடுத்து என்ன செய்யலாம் என்பது நான்காவது. நாளும் நேரமும் அதில் இருக்கின்றன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் குறையையும் இவ்வாறு எழுதிவிடலாம்.

நேரத்திற்கு வந்த 12 நாளை முதலில் எழுதியது முகத்துதிக்காக அல்ல. அது பதிவேட்டின் மறுபாதி. அதை விட்டுவிட்டால், ‘போன வாரம் நேரத்திற்கு வந்தானே’ என்று பெற்றோர் நமக்கு எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். நாமே சொல்லிவிட்டால் அந்த விவாதத்திற்கு வேலையில்லை.

இந்தக் குறிப்புக்கு வரும் விடை வேறுவிதமாக இருக்கும். அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார். வாரம் ஒரு ஷிப்ட் என்று மூன்று ஷிப்ட் மாறி மாறி வருகிறது. முதல் வாரமும் நான்காம் வாரமும் காலை ஷிப்ட்; விடியுமுன் ஆலை வேன் வந்துவிடும். அந்த வாரங்களில் தங்கையைக் குளிப்பாட்டி, அங்கன்வாடி திறக்கும்வரை காத்திருந்து விட்டுவிட்டு வருவது அண்ணனின் வேலை. புதன்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. அன்று மட்டும் அவன் நேரத்திற்கு வருகிறான். மற்ற ஷிப்ட் வாரங்களில் காலையில் அம்மா வீட்டில் இருக்கிறார். மகன் நேரத்திற்குக் கிளம்புவதை அவர் கண்ணால் பார்க்கிறார். தாமதமான நாள்களில் அவர் வீட்டிலேயே இல்லை. ‘எப்பவும் லேட்’ என்பதைக் கேட்டு அவர் கொதித்ததற்கும் இதுதான் காரணம். அவர் கண்டது ஒரு பாதி, ஆசிரியர் கண்டது மறுபாதி. எண்தான் இரண்டையும் ஒன்றாக வைத்தது.

இனிச் செய்யக்கூடியவை சிறியவை. காலை ஷிப்ட் வாரங்களில் தங்கையைத் தன் குழந்தையோடு அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லப் பக்கத்து வீட்டில் ஒருவர் ஒப்புக்கொள்ளலாம். அது முடியாத நாளில், தவறிய முதல் படிகளை அருகில் அமரும் மாணவரிடமிருந்து எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அடுத்த காலை ஷிப்ட் எந்த வாரம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்கலாம். தாமதம் முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு நாள் இரண்டு நாளாகக் குறைந்தால், அதைக் காட்டவும் நம்மிடம் எண் இருக்கிறது. ‘எப்போதும்’ என்ற சொல்லால் இந்த முன்னேற்றத்தை அளக்க முடியாது.

குறிப்பேட்டில் எழுதும் திருத்தக் குறிப்பு

பெற்றோருக்கு எழுதுவதற்குச் சொன்னது, மாணவரின் கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் எழுதுவதற்கும் பொருந்தும். ‘எப்போதும் எழுத்துப்பிழை. கவனமே இல்லை’ என்று எழுதினால், மாணவர் அதைப் படித்து என்ன செய்வார்? செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. ‘இக்கட்டுரையில் 11 பிழைகள். அவற்றுள் 8 இடங்களில் ல, ள, ழ மாறியுள்ளன. அந்த எட்டுச் சொற்களையும் திருத்தி எழுதிக் காட்டுக’ என்று எழுதினால், பிழையின் அளவும் தெரிகிறது, வகையும் தெரிகிறது, செய்ய வேண்டிய வேலையும் தெரிகிறது. ஏறத்தாழப் பாதித் தமிழைத் தவறாக எழுதுகிறோம் என்று மருண்டிருந்தவருக்கு, மூன்றே எழுத்துகளில்தான் சிக்கல் என்பது தெரியவரும்.

எண் எழுதியும் தாக்குதலாகும் இடங்கள்

எண்களால் எழுதப்பட்ட எல்லாக் குறிப்பும் நல்ல குறிப்பாகிவிடாது. மூன்று இடங்களில் அது வழுக்கும்.

முதலாவது, குறைகளைக் குவிப்பது. தாமதம் 8 நாள், வீட்டுப்பாடம் 5 முறை, சீருடை 3 முறை, சண்டை 2 முறை என்று ஒரே தாளில் அடுக்கினால் அது குற்றப்பத்திரிகையாகிவிடும். ஒவ்வோர் எண்ணும் சரியாக இருக்கலாம். சேர்ந்து நிற்கும்போது அவை ‘எப்போதும் எல்லாவற்றிலும்’ என்றே ஒலிக்கின்றன. ஒரு குறிப்பில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். மாணவரின் கற்றலை அதிகம் கெடுப்பது எதுவோ அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, கேள்வி வடிவில் வரும் குற்றச்சாட்டு. ‘பிள்ளையை நேரத்திற்கு அனுப்பக்கூட முடியாதா?’ என்பதில் வினாக்குறி இருக்கிறது; கேள்வி இல்லை. அதற்கு விடையாக ஒரு செய்தியைத் தர முடியுமா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். ‘காலையில் ஏதேனும் சிரமம் இருந்ததா?’ என்பதற்கு விடை சொல்லலாம். ‘அனுப்பக்கூட முடியாதா?’ என்பதற்குத் தலைகுனியலாம் அல்லது சீறலாம்.

மூன்றாவது, ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று தொடங்கிவிட்டால் எதையும் சொல்லலாம் என்ற எண்ணம். ‘அவன் ஒருபோதும் உண்மை பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது’ என்பதில் தோன்றுவது நமக்கு. அடி விழுவது அவனுக்கு. வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குவதால் உள்ளே இருக்கும் முற்றும்மை கரைந்துவிடாது.

உண்மையிலேயே எல்லா நாளும் நடந்திருந்தால்? அப்போதும் ‘எப்போதும்’ தேவையில்லை. ‘20 வேலைநாள்களில் 20 நாளும்’ என்று எழுதலாம். அது கடுமையான செய்திதான். ஆனால் அந்தக் கடுமை பதிவேட்டிலிருந்து வருகிறது. ஆசிரியரின் கோபத்திலிருந்து அல்ல.

அறிவுறுத்தல்களில் முற்றும்மைக்கு உரிய இடம் உண்டு. ‘சாலையைக் கடக்கும்போது எப்போதும் இருபுறமும் பார்’, ‘ஈரக் கையால் ஒருபோதும் சுவிட்சைத் தொடாதே’ என்பவை யாரையும் எடைபோடுவதில்லை. இனிச் செய்ய வேண்டியதற்கு விதிவிலக்கு இல்லை என்று சொல்ல அந்தச் சொற்கள் வேண்டும். ஒருவர் செய்து முடித்ததை விவரிக்கும்போதுதான் அவை தாக்குகின்றன.

அடிதடி, போதைப்பொருள், குழந்தைக்குத் தீங்கு நேர்கிறதோ என்ற ஐயம் போன்றவை இவ்வகைக் குறிப்புக்கு உரியவை அல்ல. அவற்றை மாணவர் கையிலேயே தாளாகக் கொடுத்தனுப்பக் கூடாது. உடனே தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். தேவையெனில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். அங்கும் நாம் கண்டதை நாளோடும் நேரத்தோடும் எழுதுவதுதான் பயன்படும். ‘எப்போதும் இப்படித்தான்’ என்பது விசாரணைக்கு உதவாது.

நம்மை நோக்கி அந்தச் சொல் வரும்போது

‘நீங்க எப்பவும் என் பையனையேதான் குறை சொல்றீங்க, சார்’ என்று ஒரு பெற்றோர் சொன்னால், ‘எப்போதும் இல்லை, மூன்று முறைதான்’ என்று எண்ணிக்கையைத் திருத்தத்தான் நமக்கு முதலில் தோன்றும். நம் எண் சரியாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அது பயன்படாது. அவருடைய ‘எப்பவும்’ ஒரு கணக்கு அல்ல. ஏதோ ஒரு நாள் நடந்தது அவர் மனத்தில் தங்கியிருப்பதன் குரல் அது. ‘கடைசியா எப்பம்மா அப்படி நடந்துச்சு? சொல்லுங்க’ என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாள் வெளியே வரும். எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி எழுப்பிய நாளாக இருக்கலாம். அந்த ஒரு நாளைப் பற்றிப் பேச முடியும். எல்லா நாளையும் பற்றி யாராலும் பேச முடியாது.

நாம் எழுதிய குறிப்பு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் வரும் விடையிலிருந்தே அறியலாம். விடையில் ‘எப்பவும் இல்லை’, ‘மத்த பசங்க மட்டும்?’, ‘உங்களுக்கு எங்க பிள்ளைன்னாலே’ என்று வந்தால், குறிப்பில் எங்கோ ஒரு முற்றும்மையோ ஏகாரமோ மறைந்திருந்தது என்று கொள்ளலாம். அதைத் தேடிப் பார்த்து அடுத்த குறிப்பில் நீக்கலாம். விடையில் நமக்கு இதுவரை தெரியாத ஒரு செய்தி வந்தால், ஒரு ஷிப்ட், ஒரு தங்கை, ஒரு நோய், ஒரு பேருந்து என்று எதுவாயினும் வந்தால், குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

இதை மாணவர்களுக்கும் கற்பிக்க நம் பாடத்திலேயே இடம் இருக்கிறது. தரமற்ற உணவு குறித்தோ, வராத குடிநீர் குறித்தோ உரிய அலுவலருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதும் பயிற்சியை உயர்வகுப்புகளில் தருகிறோம். ‘எங்கள் தெருவில் குடிநீர் வருவதே இல்லை’ என்று மாணவர் எழுதினால், மதிப்பெண் போடும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: கடைசியாக எந்த நாளில் வந்தது? ‘கடந்த 14 நாள்களில் 3 நாள்கள் மட்டுமே, நாளுக்கு அரைமணி நேரம் வந்தது’ என்று திருத்தி எழுதியதும், தாம் எழுதிய கடிதத்தின் வலு கூடியிருப்பதை அவர்களே உணர்வார்கள். முதல் கடிதத்தைப் படிக்கும் அலுவலர், ‘வருகிறதே’ என்று பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி எழுத முடியாது. மீதி 11 நாளுக்கு அவர் விடை சொல்ல வேண்டும்.